கீசர் கன்ட்ரோலர்: சென்சார் -127 காட்டியது, தண்ணீர் கொதித்தது. கோடில் என்ன மாற்றுவது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அம்மாவுக்கு விடியற்காலையில் வெந்நீர் வேண்டும், ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் போன மாசி மாதம் 25 லிட்டர் கீசருக்கு (2 கிலோவாட் எலிமெண்ட்) நானே ஒரு கன்ட்ரோலர் செய்தேன். இ.எஸ்.பி 32 போர்டு, ஒரு ரிலே, ஒரு டி.எஸ் 18பி20 சென்சார், அவ்வளவுதான். உள்ளே இருந்த ராட் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அது இருந்த குழாய்க்குள்ளேயே என் சென்சாரைச் சொருகிவிட்டேன். காலை 4:30க்கு ஆன் ஆகி 60 டிகிரியில் நிற்கும். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை 5:40க்கு அம்மா குழாயைத் திறந்தார். முதலில் சீறல், அப்புறம் புகை மாதிரி நீராவி, நடுநடுவே தண்ணீர் தெறித்தது. நல்லவேளை, வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தார். கீசருக்கு மேலே இருக்கும் சேஃப்டி வால்விலும் சொட்டிக்கொண்டிருந்தது. லாகைப் பார்த்தால் 4:31 முதல் சென்சார் -127 என்று காட்டியிருக்கிறது. பரண் பக்கம் எலி ஒயரைக் கடித்திருக்கிறது. என் கோட் இது:

```
float t = sensors.getTempCByIndex(0);
if (t < 58) digitalWrite(RELAY, HIGH);
else if (t > 60) digitalWrite(RELAY, LOW);
```

-127 என்பது 58க்குக் கீழேதானே, அதனால் விடாமல் ஆனிலேயே இருந்திருக்கிறது. இனி இப்படி நடக்காமல் இருக்கக் கோடில் என்ன செய்ய வேண்டும்?

---

தென்பெண்ணை_வாசி (ஓசூர்)

இது எல்லோரும் ஒரு தடவை விழும் குழிதான். ஒயர் அறுந்தால் அந்த லைப்ரரி -127 தரும். கரண்ட் வந்ததும் சென்சார் அளவெடுப்பதற்கு முன்னால் படித்துவிட்டால் 85 என்று தரும், அதுவும் பொய்தான். இரண்டையும் தள்ளிவிடுங்கள்:

```
if (t < 2 || t > 80) {
  digitalWrite(RELAY, LOW);
  return;
}
```

இதோடு அதிகபட்ச நேரம் ஒன்றும் வையுங்கள், 45 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஆனில் இருந்தால் ஆஃப். வாட்ச்டாகையும் போட்டுவிடுங்கள். போர்டு தொங்கிப்போனால் அந்த பின் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும், ஆனில் தொங்கினால் ஆனிலேயே கிடக்கும். வாட்ச்டாக் அதை ரீசெட் செய்துவிடும். இந்த மூன்றும் இருந்தால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம்.

---

சூளகிரி_சுப்பு

எங்கள் வீட்டில் மாடியில் சோலார் ஹீட்டர், மழைக்காலத்துக்கு உள்ளேயே ஒரு கரண்ட் ராடும் இருக்கிறது. அது இந்த வருடம் சூடே ஆகவில்லை. இதுவும் சென்சார் பிரச்சினையாக இருக்குமா?

---

ஒயர்மேன்_பாலக்கோடு

சுப்பு தம்பி, உங்களுக்குச் சூடு ஆகவில்லை, அவருக்குச் சூடு நிற்கவில்லை, இரண்டும் வேறு. நம் ஊர் போர் தண்ணீருக்கு ராடில் சுண்ணாம்பு மாதிரி உப்புப் பிடித்து எலிமெண்ட் போயிருக்கும், கழற்றிப் பாருங்கள், இங்கே வேண்டாம்.

மாந்தோப்பு தம்பிக்கு ஒரே கேள்வி. கழற்றிய ராட் தெர்மோஸ்டாட் எங்கே? அதன் தலையில் சின்னதாக ஒரு பட்டன் இருந்ததா?

---

மாந்தோப்பு

இருந்தது அண்ணா, சிவப்புப் பட்டன். பழைய சாமான் டப்பாவில் கிடக்கிறது, தண்டு முழுக்கத் துரு. அது எதற்கு என்று எனக்குத் தெரியாது, ரீசெட் என்று நினைத்தேன்.

---

ஒயர்மேன்_பாலக்கோடு

ரீசெட்தான். எதை ரீசெட் செய்வது என்பதுதான் விஷயம். அந்தத் தலைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, குமிழில் வைத்த சூட்டில் விட்டு விட்டு ஆன் ஆஃப் ஆகும் தெர்மோஸ்டாட். இன்னொன்று, அந்தத் தெர்மோஸ்டாட்டே ஒட்டிக்கொண்டால் அதற்கு மேலே போய் லைனை அறுத்துவிடும் கட்அவுட். அறுத்தால் தானாகத் திரும்பாது, ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் வரும். நீங்கள் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றியதாக நினைத்துக் கட்அவுட்டையும் சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள். அன்று உங்கள் வீட்டைக் காப்பாற்றியது மேலே சொட்டிய அந்த வால்வு. உங்கள் கோடுக்கு அதில் பங்கு இல்லை.

---

சிப்காட்_ஷிப்ட் (ஓசூர், ஆலைப் பராமரிப்பு)

ஒயர்மேன் அண்ணன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், அப்போதுதான் எவ்வளவு நெருக்கத்தில் தப்பித்தீர்கள் என்பது தெரியும்.

25 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 105 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 120 கிலோஜூல். அதாவது நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் மேலே. 4:31 முதல் 5:40 வரை 69 நிமிடம். 25 டிகிரியில் தொடங்கியிருந்தால் கிட்டத்தட்ட 104, வெளியே போன சூட்டைக் கழித்தால் 100 பக்கம். மாடித் தொட்டி கீசருக்கு ஐந்து மீட்டர் மேலே இருந்தால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் 110 வாக்கில்தான் கொதிக்கும். அதனால் உள்ளே சத்தமில்லாமல் இருந்திருக்கும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் இறங்கி, அங்கேயே நீராவியாகச் சீறியிருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் தொட்டிக்குள்ளேயே கொதித்திருக்கும்.

இப்போது தென்பெண்ணை சொன்ன மூன்றுக்கு வருகிறேன். மூன்றும் வேண்டியவைதான், போடுங்கள். ஆனால் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, "ரிலேயை ஆஃப் செய்" என்று சொல்கின்றன. ரிலே கேட்கவில்லை என்றால்? எந்த ரிலே போட்டிருக்கிறீர்கள்?

---

மாந்தோப்பு

நீலக் கலர் 5 வோல்ட் மாட்யூல், மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. கீசர் 8.7 ஆம்பியர்தானே, பத்துக்குள் வருகிறது என்று விட்டுவிட்டேன்.

---

தென்பெண்ணை_வாசி

ரிலே ஒட்டிக்கொள்ளும் பயம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கேஎஸ்டி301 என்று கேட்டால் காசு அளவில் ஒரு பைமெட்டல் தட்டு தருவார்கள், 85 டிகிரியில் டக்கென்று திறக்கும். அதை ரிலே மாட்யூலுக்குப் போகும் 5 வோல்ட் ஒயரில் தொடராகப் போட்டுவிடுங்கள். சூடு ஏறினால் ரிலேக்குக் கரண்டே போகாது. கோடே தேவையில்லை, சுத்தமான ஹார்டுவேர். 230 வோல்ட்டைத் தொடவும் வேண்டாம்.

---

சிப்காட்_ஷிப்ட்

பாதி சரி தம்பி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது என்றால் இரண்டு உலோக முனைகளும் உருகிச் சேர்ந்துவிட்டன என்று பொருள். ரிலே காயிலுக்குக் கரண்டை நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இழுக்கும், ஆனால் ஒட்டியதைப் பிய்க்கும் பலம் அதற்கு இல்லை. 5 வோல்ட்டை உங்கள் பைமெட்டல் நிறுத்தினாலும், போர்டு நிறுத்தினாலும், நீங்கள் ஒயரையே கையால் பிடுங்கினாலும் எலிமெண்டுக்கு 8.7 ஆம்பியர் போய்க்கொண்டேதான் இருக்கும். எங்கள் ஆலையில் ஒரு சூடேற்றும் தொட்டியில் இதே வயரிங்கைக் கண்ணால் பார்த்தேன். பேனலில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, காயிலில் வோல்டேஜ் பூஜ்யம், தொட்டி மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தது. கிளாம்ப் மீட்டரைப் போட்ட பிறகுதான் நம்பினோம். ரிலேக்குப் பதில் எஸ்.எஸ்.ஆர் போட்டாலும் இதே கதைதான், அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஆனிலேயே.

அதனால் அறுக்கும் இடம் எலிமெண்டுக்குப் போகும் லைனில்தான் இருக்க வேண்டும். ரிலேக்குப் பிறகோ முன்போ, எதுவானாலும் சரி, அதே கரண்ட் இதன் வழியாகவும் போக வேண்டும். இதற்குச் சென்சார் தனி, அறுக்கும் கான்டாக்ட் தனி. உங்கள் போர்டு எரிந்து கரியானாலும் இதற்கு அது தெரியக்கூடாது.

---

தென்பெண்ணை_வாசி

சரி, ஒத்துக்கொள்கிறேன், காயில் பக்கம் யோசித்தேன், கான்டாக்ட் பக்கம் யோசிக்கவில்லை. அப்படியானால் அதே கேஎஸ்டி301ஐ 230 வோல்ட் லைனிலேயே போட்டுவிடலாமா? அதில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே.

---

விடுதி_அக்கா (தருமபுரி)

அதைப் போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் விடுதியில் 50 லிட்டர் கீசர். பழுது பார்க்க வந்தவர் இதே மாதிரி ஒரு தட்டை லைனில் போட்டுவிட்டுப் போனார், தானாகத் திரும்பும் வகை. அதற்குப் பிறகு எப்போதோ தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்களுக்குத் தெரியவே இல்லை. தண்ணீர் அதிகச் சூடாக வருகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள், பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கரண்ட் பில் ஏறியது, வெயில் காலத்து ஃபேன் என்று நினைத்தேன். அந்தத் தட்டு தொண்ணூறில் அறுக்கும், ஆறியதும் சேரும், மறுபடி அறுக்கும் என்று மாதக்கணக்கில் தெர்மோஸ்டாட் வேலையைத் தானே பார்த்திருக்கிறது. கடைசியில் அதுவும் ஒட்டிக்கொண்டது. அன்று மேலே வால்வில் வெந்நீர் கொட்டியதைப் பார்த்து ஒரு பெண் ஓடிவந்து மெயினை அணைத்தாள்.

---

சிப்காட்_ஷிப்ட்

அக்கா சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. தானாகத் திரும்பும் கட்அவுட் பழுதை மூடி மறைத்துவிடும். தினமும் பல தடவை முழு லோடை அறுத்தால் அதன் கான்டாக்டும் தேயும். கையால் ரீசெட் செய்யும் வகை ஒரு தடவை அறுத்தால் வீட்டில் வெந்நீர் வராது, யாராவது வந்து ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். கேஎஸ்டி301லேயே நடுவில் பட்டன் வைத்த வகை உண்டு, கடையில் கேட்டு வாங்க வேண்டும். 10 ஆம்பியர் தட்டில் 8.7ஐ விடுவதும் எனக்குப் பிடிக்காது, 16 ஆம்பியர் வகை கிடைக்கும்.

ஆனால் மாந்தோப்புக்கு அதுவும் வேண்டாம் என்பேன். கட்அவுட்டோடு புது ராட் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, பழைய குழாய்க்குள்ளேயே திரும்ப வையுங்கள். கன்ட்ரோலர் ரிலேக்குப் பிறகு அது தொடராக வரட்டும், குமிழை 70 பக்கம் திருப்பி வையுங்கள். உங்கள் கன்ட்ரோலர் 60ல் நிறுத்தும், அது தவறினால் ராட் 70ல் நிறுத்தும், அதுவும் தவறினால் கட்அவுட்.

---

மாந்தோப்பு

அந்தக் குழாய்க்குள் என் சென்சார் இருக்கிறதே, ராட் வைத்தால் அதற்கு இடமில்லை. கட்அவுட் தட்டைத் தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு, சென்சாரை உள்ளேயே விட்டுவிடலாமா? வெப்பநிலை துல்லியமாக வேண்டுமே.

---

சிப்காட்_ஷிப்ட்

தலைகீழாக யோசியுங்கள். நல்ல இடம் பாதுகாப்புக்கு, மிச்ச இடம் கன்ட்ரோலருக்கு. சென்சார் மூன்று நான்கு டிகிரி தப்பாகக் காட்டினால் அம்மா கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலப்பார், அவ்வளவுதான் நஷ்டம். கட்அவுட் தப்பான இடத்தில் இருந்தால் அதற்குச் சூடே தெரியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஆன் ஆனால் என்ன ஆகும்? எலிமெண்ட் சிவக்கும், தொட்டியின் மேல் சுவரில் ஒட்டிய தட்டு காற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ராட் போகும் குழாய் எலிமெண்ட் இருக்கும் அதே பிளேட்டில், பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அந்தச் சூடு சீக்கிரம் அங்கே வரும். அது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், எலிமெண்ட் அதற்குள் போய்விடலாம், ஆனால் வெளிச்சுவரைவிடப் பல மடங்கு மேல்.

உங்கள் சென்சாரைத் தொட்டி இரும்புச் சுவரில், ஃபோமுக்குக் கீழே தெர்மல் பேஸ்ட் தடவி அழுத்தி வையுங்கள். உள்ளே உண்மையில் எவ்வளவு, அது எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு தடவை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கோடில் கூட்டிக்கொள்ளுங்கள்.

---

ஒயர்மேன்_பாலக்கோடு

இரண்டு விஷயம் நான் சேர்க்கிறேன். ஒன்று, கட்அவுட் ஃபேஸில் வரட்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறித்தான் கிடக்கும், டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒற்றைக் கம்பியை அறுக்கும் கட்அவுட் நியூட்ரலில் போய் உட்கார்ந்து, எலிமெண்டும் உப்பில் ஓட்டை விழுந்து பாடியில் லீக் ஆனால், அறுத்த பிறகும் ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கரண்ட் போகும், அது போகிற துண்டு சூடாகிக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பியையும் சேர்த்து அறுக்கும் வகை கிடைத்தால் வாங்குங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருந்தால் லீக்குக்கு அது தட்டும், ஆனால் வெறும் சூட்டுக்கு அது தட்டாது, எம்.சி.பியும் தட்டாது. கொதிக்கிற கீசர் எடுப்பதும் அதே 8.7 ஆம்பியர்தான்.

இரண்டு, குழாய்க்குள் உப்போ துருவோ இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு ராடை வையுங்கள். ராட் தளர்வாக நின்றால் சூடு தாமதமாகத்தான் தெரியும். மாற்றும்போது மெயினை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

---

மாந்தோப்பு

வாங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் நாலு கடை ஏறி இறங்கினேன், மூன்றில் பட்டன் இல்லாததையே "இதுதான் எல்லோரும் வாங்குவது" என்று நீட்டினார்கள். இதை மாட்டுவதற்கு முன்னால் சோதிக்க வழி உண்டா? வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது?

---

சிப்காட்_ஷிப்ட்

அடுப்பில் ஆழமான பாத்திரம், தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். ராடின் தண்டு மட்டும் தண்ணீரில் இருக்கட்டும், பிளாஸ்டிக் தலை நனையக்கூடாது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து முதலில் தெர்மோஸ்டாட் முனைகளில், அப்புறம் கட்அவுட் முனைகளில் பாருங்கள். சின்னத் தீயில் மெதுவாக ஏற்றுங்கள், வேகமாக ஏற்றினால் தண்ணீர் ஓடிவிடும், தண்டு பின்தங்கும், அளவு தப்பாக வரும்.

மாட்டிய பிறகு இன்னொரு சோதனை. ரிலேயின் இரண்டு முனைகளையும் தடிமனான ஒயரால் இணைத்துவிடுங்கள், அதுதான் ஒட்டிய ரிலே. ஒயர்மேன் யாரையாவது கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், முடியும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

---

மாந்தோப்பு

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. அடுப்பில் வைத்தபோது தெர்மோஸ்டாட் 68ல் டக். கட்அவுட் 89ல் டக், சத்தம் நன்றாகவே கேட்டது. ஆறி 40க்கு வந்த பிறகும் மீட்டர் பீப் அடிக்கவில்லை, பட்டனை அழுத்தியதும் அடித்தது. ஆசைக்குப் பழைய துரு ராடையும் போட்டுப் பார்த்தேன். கட்அவுட் 98 வரை போயும் திறக்கவே இல்லை, அதற்கு மேல் இங்கே தண்ணீர் ஏறாது. கழற்றாமல் விட்டிருந்தாலும் அன்று அது காப்பாற்றியிருக்காது போல.

மாட்டிய பிறகு, பக்கத்துத் தெரு ஒயர்மேனை வைத்துக்கொண்டு ரிலேயை ஒயரால் இணைத்தோம். 25 டிகிரியில் தொடங்கி 43 நிமிடத்தில் நின்றது, குழாயில் பிடித்த தண்ணீர் 69. கணக்குப்படி 39 நிமிடம் என்று நினைத்தேன், மிச்சம் தொட்டி இரும்புக்கும் வெளியே போன சூட்டுக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். நாளைக்கு ரிலே உண்மையிலேயே ஒட்டிக்கொண்டால் ராட் 70ல் நிறுத்திவிடும். அம்மாவுக்கு வெந்நீர் வரும், எனக்கு எதுவுமே தெரியாது. இதுவும் விடுதி அக்கா கதை மாதிரித்தானே ஆகிறது?

---

சிப்காட்_ஷிப்ட்

நல்ல கேள்வி, அதே கதைதான். இங்கேதான் உங்கள் கோடுக்கு வேலை. நிறுத்தும் பொறுப்பு அதற்கு வேண்டாம், சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். ரிலேயை ஆஃப் செய்த பிறகு சூடு ஒன்றிரண்டு டிகிரி ஏறுவது சகஜம். ஐந்துக்கு மேல் ஏறினால் ரிலே ஒட்டிவிட்டது என்று உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். அந்தச் செய்தி வராமல் போனாலும் யாருக்கும் கை சுடாது.

---

தென்பெண்ணை_வாசி

அந்த நீல ரிலேயையும் தூக்கிவிட்டு 20 ஆம்பியர் கான்டாக்டர் போடுங்கள். இதையாவது நான் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாட்யூலில் போர்டு மேலே ஓடும் செம்புக் கோடே 8.7 ஆம்பியருக்கு மெல்லியது, அணைத்ததும் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள், சுடும்.

---

மாந்தோப்பு

தொட்டுப் பார்த்தேன். பின்பக்கம் பழுப்பாகவே மாறியிருக்கிறது.

---

விடுதி_அக்கா

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பட்டன் வகை மாற்றிய பிறகு எங்கள் விடுதியில் ஒரு நாள் அறுத்தது. நான் ஊரில் இல்லை. ஒரு பெண் யூடியூபில் பார்த்து, மூடியைக் கழற்றிப் பட்டனை அழுத்திவிட்டாள், அடுத்த நாள் மறுபடி அறுத்திருக்கிறது, மறுபடி அழுத்தியிருக்கிறாள். மூன்றாவது நாள்தான் எனக்குத் தெரியும். கையால் ரீசெட் என்றாலும் கை யாருடையது என்று இருக்கிறதே.

---

ஒயர்மேன்_பாலக்கோடு

பட்டனே இல்லாத தெர்மல் ஃபியூஸ் போட்டால் ஒரு தடவை போனால் போனதுதான், புதுசு மாற்ற ஆள் வந்தே ஆக வேண்டும். சில பேர் அதைத்தான் போடுவார்கள். ஆனால் அதைச் சால்டர் வைக்கக்கூடாது, அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிரிம்ப் செய்ய வேண்டும். இன்னொரு கவலையும் இருக்கிறது, ஃபியூஸ் போனால் நேரடியாக ஒயரை முறுக்கி விடும் ஆட்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

---

சிப்காட்_ஷிப்ட்

விடுதிக்கு நான் பட்டன் வகையையே வைப்பேன், மூடிக்குச் சாவி போட்ட பூட்டு. ஒயர்மேன் அண்ணனுக்கு இதில் என்னோடு ஒத்துப்போகாது என்று தெரியும்.

---

ஒயர்மேன்_பாலக்கோடு

ஒத்துப்போகாது. பூட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

---

சூளகிரி_சுப்பு

ராடைக் கழற்றினேன் அண்ணா. கை மொத்தத்துக்கு உப்பு, உடைத்தால் உள்ளே எலிமெண்ட் இரண்டு துண்டு. அதே தலையில் பட்டன் ஒன்றும் இருக்கிறது, அது அமுங்கவே மாட்டேன் என்கிறது. இதையும் மாற்ற வேண்டுமா?

---

ஒயர்மேன்_பாலக்கோடு

மாற்றுங்கள். புதியதை மாட்டும் முன் அடுப்பில் வைத்து டக் சத்தம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.